வட்டத்தின் மேல் இருக்கும் மதிப்புகளை வைத்து உள்ளே இருக்கும் மதிப்பைக் கண்டுபிடிப்பது: கோஷியின் தொகையீட்டு வாய்பாடு, படிப்படியாக

கலப்பெண் தளத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறோம். அதன் மேலும் உள்ளேயும் f(z) என்ற பகுமுறைச் சார்பு இருக்கிறது. வட்டக்கோட்டின் மேல் சார்பின் மதிப்புகள் மட்டும் நமக்குத் தெரியும், உள்ளே எதுவும் தெரியாது. அப்படியிருந்தும் உள்ளே எந்தப் புள்ளி a-ஐக் காட்டினாலும் f(a)-ஐத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதற்கான வாய்பாடு இது:

```
f(a) = (1 / 2πi) ∮ f(z) / (z − a) dz
```

தொகையீடு வட்டத்தை இடஞ்சுழியாக ஒரு முறை சுற்றி வருகிறது. 1830-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு பிரான்ஸை விட்டு வெளியேறிய அகுஸ்தின் லூயி கோஷி, 1831-இல் இத்தாலியின் தூரின் நகரில் அளித்த ஆய்வுரை ஒன்றில் இதை வட்டத்துக்காக எழுதினார். வட்டம் இல்லாத மூடிய வளைகோடுகளுக்கும் வாய்பாடு பொருந்தும். ஆனால் வட்டத்தோடு நின்றால்தான் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியும், அதனால் இங்கே வட்டத்தை விட்டு நகரப் போவதில்லை.

இந்த வழிகாட்டியில் வாய்பாட்டை முதலில் நிறுவுவோம். அப்புறம் eᶻ என்ற சார்பை எடுத்து, வட்டத்தின் மேல் நான்கே நான்கு புள்ளிகளில் மதிப்பு வாங்கி, உள்ளே ஒரு புள்ளியின் மதிப்பை எண்ணாகவே கண்டுபிடிப்போம். பெரும்பாலான பாடக்குறிப்புகளில் நிறுவலும் எண்கணக்கும் தனித்தனியாகக் கிடக்கும். உண்மையில் நிறுவலில் வரும் ஒரு சின்ன உத்திதான் எண்கணக்கின் பிழையையும் சரிசெய்கிறது. அந்த இணைப்பைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: சார்பே இல்லாமல் ஒரு தொகையீடு

f(z) = 1 என்று வைத்துக்கொள்வோம். a-ஐ மையமாகவும் r-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் z = a + r·e^(iθ). θ ஆனது 0-இலிருந்து 2π வரை போகும். அப்போது z − a = r·e^(iθ), dz = i·r·e^(iθ) dθ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் r-உம் e^(iθ)-உம் அடிபட்டுப் போய் i dθ மட்டும் மிஞ்சும்:

```
∮ dz / (z − a) = ∫ i dθ = 2πi
```

விடையில் r இல்லை என்பதைக் கவனியுங்கள். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் 2πi தான். வாய்பாட்டின் முன்னால் நிற்கும் 1/2πi இங்கிருந்துதான் வருகிறது.

படி 2: பெரிய வட்டத்தைச் சிறிய வட்டமாகச் சுருக்குவது

நம்முடைய வட்டத்தின் மையத்தில் a இருக்க வேண்டிய அவசியமில்லை, உள்ளே எங்கேயும் இருக்கலாம். a-ஐச் சுற்றி r ஆரமுள்ள ஒரு சின்ன வட்டத்தைப் பெரிய வட்டத்துக்குள் அடங்குமாறு வரைவோம். f(z)/(z − a) என்ற சார்புக்கு z = a என்ற ஒரே இடத்தில்தான் சிக்கல். இரண்டு வட்டங்களுக்கும் இடைப்பட்ட வளையத்தில் அந்த இடம் இல்லை, எனவே வளையம் முழுவதும் அது பகுமுறைச் சார்பு.

வளையத்தைக் குறுக்கே இரண்டு கோடுகளால் வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் எல்லையையும் சுற்றி எடுத்த தொகையீடு பூச்சியம் என்று கோஷியின் தேற்றம் சொல்கிறது. இரண்டையும் கூட்டும்போது வெட்டுக்கோடுகளில் ஒரு முறை போவதும் ஒரு முறை வருவதும் அடிபட்டுவிடும். மிஞ்சுவது, பெரிய வட்டத்தின் தொகையீடும் சிறிய வட்டத்தின் தொகையீடும் சமம் என்பதே.

படி 3: f(a)-ஐப் பிரித்தெடுப்பது

நிறுவலின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. சின்ன வட்டத்தின் மேல் f(z)-ஐ இப்படிப் பிரித்து எழுதுகிறோம்:

```
f(z) = f(a) + [ f(z) − f(a) ]
```

முதல் பகுதி f(a) ஒரு மாறிலி. அதை வெளியே எடுத்தால் உள்ளே படி 1-இன் தொகையீடு நிற்கும், அதனால் பங்கு 2πi·f(a). இரண்டாம் பகுதியின் அளவைப் பார்ப்போம். வட்டத்தின் மேல் |z − a| = r, வட்டத்தின் நீளம் 2πr. |f(z) − f(a)|-இன் மிகப்பெரிய மதிப்பை M என்று வைத்தால், இந்தப் பகுதி (M/r)·2πr = 2πM-ஐத் தாண்டாது. f தொடர்ச்சியான சார்பு என்பதால் r சுருங்கச் சுருங்க M பூச்சியத்தை நெருங்கும். ஆனால் படி 2-இன்படி மொத்தத் தொகையீடு r-ஐப் பொறுத்து மாறுவதே இல்லை. ஆகவே அது சரியாக 2πi·f(a) ஆகத்தான் இருக்க முடியும். வாய்பாடு கிடைத்துவிட்டது.

இந்தப் பிரிப்பை ஞாபகத்தில் வையுங்கள். படி 6-இல் மறுபடி வரும்.

படி 4: தொகையீட்டைச் சராசரியாக மாற்றுவது

கணக்குப் போடுவதற்கு மேலே உள்ள வடிவம் அவ்வளவு வசதியில்லை. வட்டம் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டது, ஆரம் 1 என்று எடுத்துக்கொள்வோம். z = e^(iθ), dz = i·z dθ. பிரதியிட்டால் i அடிபட்டுப் போகும்:

```
f(a) = (1 / 2π) ∫ f(z) · z / (z − a) dθ
```

இப்போது இது ஒரு சராசரி. வட்டத்தைச் சுற்றி f-இன் மதிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் z/(z − a) என்ற எடையால் பெருக்கிச் சராசரி காண்கிறோம். a = 0 என்றால் எல்லா எடையும் 1, எனவே மையத்தின் மதிப்பு வட்டத்து மதிப்புகளின் சாதாரண சராசரி. a நகர்ந்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளின் எடை கூடும், தூரத்துப் புள்ளிகளின் எடை குறையும். எடைகள் பொதுவாகக் கலப்பெண்கள் என்பதுதான் வழக்கமான சராசரியிலிருந்து இதற்கு உள்ள வித்தியாசம்.

தொகையீட்டுக்குப் பதிலாக வட்டத்தில் சம இடைவெளியில் N புள்ளிகளை எடுத்தால்:

```
f(a) ≈ (1/N) Σ f(z_k) · z_k / (z_k − a)
```

படி 5: கையால் ஒரு கணக்கு

f(z) = eᶻ, a = 1/2 என்று எடுப்போம். சரியான விடை √e = 1.648721. இதை வட்டத்தின் நான்கு புள்ளிகளிலிருந்து மட்டும் எடுக்கப் பார்ப்போம்: 1, i, −1, −i.

z = 1-இல் எடை 1/(1 − 0.5) = 2. சார்பின் மதிப்பு e = 2.718282. பெருக்கினால் 5.436564.

z = −1-இல் எடை −1/(−1.5) = 0.666667. சார்பின் மதிப்பு 1/e = 0.367879. பெருக்கினால் 0.245253.

z = i-இல் எடை i/(i − 0.5). மேலும் கீழும் (−0.5 − i)-ஆல் பெருக்கினால் கீழே 1.25, மேலே 1 − 0.5i, ஆக எடை 0.8 − 0.4i. சார்பின் மதிப்பு e^i = cos 1 + i sin 1 = 0.540302 + 0.841471i. இங்கே 1 என்பது ரேடியன். கால்குலேட்டர் பாகையில் இருந்தால் cos 1 என்பதற்கு 0.9998 என்று காட்டும், கணக்கு அங்கேயே கெட்டுவிடும். பெருக்கலின் மெய்ப் பகுதி 0.8 × 0.540302 + 0.4 × 0.841471 = 0.768830.

z = −i-இல் எடையும் மதிப்பும் z = i-இல் வந்தவற்றின் இணைக் கலப்பெண்கள். அதனால் பெருக்கலும் இணைதான். இரண்டையும் கூட்டும்போது கற்பனைப் பகுதி அடிபட்டு 2 × 0.768830 = 1.537660 கிடைக்கும். கடைசியில் கற்பனைப் பகுதி மிஞ்சியிருந்தால் எங்கோ குறி தவறியிருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் மெய்யெண் a-க்கு eᵃ மெய்யெண்தான்.

மொத்தம் 5.436564 + 0.245253 + 1.537660 = 7.219477. நான்கால் வகுத்தால் 1.804869.

சரியான விடையிலிருந்து கிட்டத்தட்ட 9.5 சதவீதம் தள்ளி இருக்கிறது. நான்கு புள்ளிக்கு மோசமில்லை, நல்லதும் இல்லை. புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கலாம். N = 8 என்றால் 1.655213 வருகிறது. N = 16 என்றால் 1.648746. பிழை 0.156-இலிருந்து 0.0065-க்கு இறங்கி, அங்கிருந்து 0.000025-க்கு இறங்குகிறது. சாதாரண சரிவக விதியில் புள்ளிகளை இரட்டித்தால் பிழை நான்கில் ஒரு பங்காகும். இங்கே முதலில் 24 மடங்கும் அடுத்து 258 மடங்கும் குறைந்திருக்கிறது. ஏன்?

படி 6: பிழை எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நீக்குவது

சார்பை மறந்துவிட்டு எடைகளை மட்டும் பாருங்கள். 2 + 0.666667 + 0.8 + 0.8 = 4.266667. நான்கால் வகுத்தால் 1.066667. இது 1 ஆக இருக்க வேண்டும்! f(z) = 1 என்று போட்டால் வாய்பாடு 1-ஐத்தானே தர வேண்டும்? படி 1-இன் தொகையீடே நான்கு புள்ளியில் சரியாக வரவில்லை என்பதுதான் விஷயம்.

எவ்வளவு தவறு என்று கணக்காகவே சொல்லலாம். z/(z − a) = 1 + a/z + a²/z² + … என்று பெருக்குத் தொடராக விரியும். N சம இடைவெளிப் புள்ளிகளில் சராசரி எடுத்தால் z-இன் அடுக்கு N-இன் மடங்காக உள்ள உறுப்புகள் மட்டும் மிஞ்சும், மற்றவை எல்லாம் பூச்சியமாகிவிடும். மிஞ்சுவது 1 + aᴺ + a²ᴺ + … = 1/(1 − aᴺ). a = 1/2, N = 4 என்றால் 16/15 = 1.066667. அப்படியே பொருந்துகிறது. பிழை aᴺ-ஐ ஒட்டிப் போவதால்தான் புள்ளிகளை இரட்டிக்கும்போது அது ஏறக்குறைய வர்க்கமாகச் சுருங்குகிறது.

இப்போது படி 3-இன் பிரிப்பைக் கொண்டுவருவோம். f(z) = f(a) + [f(z) − f(a)]. முதல் பகுதி, எடைகளின் சராசரியால் பெருக்கப்பட்ட f(a). அந்தச் சராசரி 1 இல்லாததுதான் பெரிய பிழை. இரண்டாம் பகுதியில் [f(z) − f(a)]/(z − a) இருக்கிறது. z = a-இல் கீழே பூச்சியமானாலும் மேலேயும் பூச்சியமாகிவிடுவதால் அங்கே சிக்கல் நீங்கிவிடுகிறது, அது முழுக்கப் பகுமுறைச் சார்பு. eᶻ மாதிரி நல்ல சார்புக்கு அதன் பங்கு மிகச் சிறியது. ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: N-ஆல் வகுப்பதற்குப் பதிலாக எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

நான்கு புள்ளிக் கணக்கில் 7.219477 / 4.266667 = 1.692065. பிழை 9.5 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகிறது. எட்டுப் புள்ளியில் 1.648747, அதாவது பழைய முறையில் பதினாறு புள்ளிகள் தந்த துல்லியம். கூடுதலாகச் சார்பின் ஒரு மதிப்பு கூடத் தேவைப்படவில்லை. எடைகளை எப்படியும் கணக்கிட்டிருந்தோம், அவற்றைக் கூட்டினோம், அவ்வளவுதான்.

பைத்தானில் இரண்டு முறைகளும் சேர்ந்து:

```python
import cmath

def cauchy(f, a, N):
    top = bot = 0
    for k in range(N):
        z = cmath.exp(2j * cmath.pi * k / N)
        w = z / (z - a)
        top += w * f(z)
        bot += w
    return top / N, top / bot

print(cauchy(cmath.exp, 0.5, 8))
```

முதல் எண் நேரடிச் சராசரி, இரண்டாவது திருத்தியது. கற்பனைப் பகுதியில் 10⁻¹⁶ அளவில் ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கணினியின் தோராயப் பிழை.

a வட்டக்கோட்டை நெருங்கும்போதுதான் திருத்தத்தின் அருமை தெரியும். a = 0.9, N = 16 என்று வையுங்கள். 0.9¹⁶ = 0.185, எனவே நேரடிச் சராசரி 1/(1 − 0.185) மடங்கு, அதாவது 23 சதவீதம் கூடிவிடும். பதினாறு புள்ளி எடுத்தும் இப்படி. அதே புள்ளிகளை வைத்துத் திருத்திய முறையில் கணக்கிட்டால் e^0.9 பன்னிரண்டு தசம இடங்கள் வரை சரியாக வருகிறது. நேரடி முறையைப் பயன்படுத்துபவர்கள் a-இன் தூரத்தைப் பார்க்காமல் N-ஐத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஆனால் திருத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. f-க்கே வட்டத்துக்குச் சற்று வெளியே ஒரு சிக்கலான புள்ளி இருந்தால், உதாரணமாக f(z) = 1/(z − 1.1) என்றால், இரண்டாம் பகுதியும் மெதுவாகத்தான் சுருங்கும். அங்கே N-ஐக் கூட்டுவதைத் தவிர வழியில்லை.

படி 7: தேர்வுத்தாளில் வரும் வடிவம்

தேர்வில் வாய்பாடு தலைகீழாக வரும். தொகையீட்டைக் கொடுத்து மதிப்பைக் கேட்பார்கள். |z| = 1 மீது ∮ eᶻ/(2z − 1) dz என்ன? பலர் f = eᶻ, a = 1/2 என்று எடுத்து 2πi√e என்று எழுதிவிடுவார்கள். கீழே z − a என்ற வடிவம் வர வேண்டும், z-க்கு முன்னால் எந்தக் கெழுவும் இருக்கக் கூடாது. 2z − 1 = 2(z − 1/2) என்று எழுதி 2-ஐ வெளியே எடுங்கள். விடை πi√e, ஏறத்தாழ 5.1796i.

உள்ளே இரண்டு சிக்கலான புள்ளிகள் இருந்தால் பகுதிப் பின்னங்களாக உடைத்துவிடுங்கள். |z| = 2 மீது ∮ eᶻ/(z(z − 1)) dz என்றால் 1/(z(z − 1)) = 1/(z − 1) − 1/z. இரண்டு தடவை வாய்பாட்டைப் போட்டால் 2πi(e − 1). அதே கேள்வியில் வட்டம் |z| = 1/2 என்றிருந்தால் z = 1 வெளியே போய்விடும். அப்போது eᶻ/(z − 1)-ஐயே f ஆக எடுத்து a = 0 என்று போட வேண்டும், விடை −2πi. வட்டத்தைப் படமாக வரைந்து எது உள்ளே, எது வெளியே என்று குறித்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள். புள்ளி வட்டக்கோட்டின் மேலேயே விழுந்தால் இந்த வாய்பாடு செல்லாது.

படி 8: சார்பு பகுமுறையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

f(z)-ஆக z-இன் இணைக் கலப்பெண்ணை எடுத்துப் பாருங்கள். அது எல்லா இடத்திலும் தொடர்ச்சியானது, ஆனால் எங்கேயும் பகுமுறைச் சார்பு இல்லை. a = 1/2-இல் அதன் மதிப்பு 1/2. வட்டத்தின் மேல் |z| = 1 என்பதால் இணை என்பது 1/z-க்குச் சமம். எனவே தொகையீடு ∮ dz/(z(z − 1/2)). பகுதிப் பின்னங்களாக்கினால் இரண்டு பங்குகளும் ஒன்றையொன்று அடித்துவிடும். வாய்பாடு 0 என்கிறது, உண்மையோ 1/2. எந்த எச்சரிக்கையும் தராமல் வாய்பாடு ஒரு எண்ணைத் தந்துவிடுகிறது, ஆபத்து இதில்தான் இருக்கிறது. நான்கு புள்ளியில் போட்டால் 0.1333 வரும், N கூடக் கூட 0-ஐ நோக்கிப் போகும். எண்கள் அழகாக ஒருங்குவதைப் பார்த்து விடை சரி என்று நம்பிவிடக் கூடாது.

நம்மிடம் வட்டத்து மதிப்புகள் மட்டும் பட்டியலாக இருந்தால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே ஒரு புள்ளியில் சோதிக்க வேண்டும். a வட்டத்துக்கு வெளியே இருந்தால், பகுமுறைச் சார்புக்குத் தொகையீடு பூச்சியமாக வர வேண்டும், ஏனென்றால் f(z)/(z − a)-க்கு உள்ளே எந்தச் சிக்கலும் இல்லை. a = 2 என்று வைத்து, இந்த முறை திருத்தம் இல்லாத நேரடிச் சராசரியைப் பதினாறு புள்ளிகளில் எடுங்கள். வெளிப்புள்ளியில் எடைகளின் சராசரியே பூச்சியத்தை நெருங்குவதால் திருத்திய முறை இங்கே உதவாது. eᶻ-க்கு −0.00011 வருகிறது, N கூடினால் இன்னும் சுருங்கும். இணைக் கலப்பெண்ணுக்கு −0.50001 வருகிறது, எத்தனை புள்ளி எடுத்தாலும் −0.5-ஐ விட்டு நகராது. ஒரே ஒரு வெளிப்புள்ளியில் தற்செயலாகப் பூச்சியம் வந்துவிடலாம், அதனால் வெவ்வேறு திசைகளில் சில புள்ளிகளில் பார்ப்பது நல்லது. வெளியே உள்ள எல்லாப் புள்ளிகளிலும் பூச்சியம் வந்தால்தான் அந்த மதிப்புகள் உள்ளே ஒரு பகுமுறைச் சார்பிலிருந்து வந்தவை, வாய்பாடு தரும் f(a)-ஐயும் நம்பலாம்.